கரண்ட் ஃபீட்பேக் ஆப்-ஆம்ப்: கெயினைக் கூட்டினாலும் பேண்ட்விட்த் ஏன் சரிவதில்லை?

கல்லூரி மாணவர்: சார், 741-இல் கெயினைப் பத்து மடங்காக்கினால் பேண்ட்விட்த் பத்தில் ஒன்றாகிவிடுகிறது. கரண்ட் ஃபீட்பேக் வகையான AD844-இல் அப்படி ஆகாது என்கிறார்கள். உள்ளே என்ன வித்தியாசம்?

மைனஸ் பின்னைப் பாருங்கள் தம்பி. 741-இல் அந்தப் பின் கரண்டை ஏறக்குறைய இழுப்பதே இல்லை, வோல்டேஜை மட்டும் கவனிக்கிறது. அவுட்புட்டிலிருந்து மைனஸ் பின்னுக்கு வரும் ரெசிஸ்டர் Rf-உம், அந்தப் பின்னிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் ரெசிஸ்டர் Rg-யும் அவுட்புட் வோல்டேஜைப் பங்கு போட்டு ஒரு பகுதியை அங்கே கொடுக்கின்றன. கெயினைக் கூட்ட Rg-யைக் குறைத்தால் அந்தப் பங்கும் சிறுத்துவிடும். திரும்பி வருவது குறைவதால் லூப் கெயின் குறையும், பேண்ட்விட்த்தும் அதே விகிதத்தில் இறங்கும்.

AD844-இன் மைனஸ் பின்னை இன்புட் என்று வரைந்தாலும் உண்மையில் அது ஒரு பஃபரின் வெளியீடு. பிளஸ் பின்னில் இருக்கும் வோல்டேஜை அந்தப் பஃபர் மைனஸ் பின்னிலும் பிடித்து வைக்கிறது. அப்படிப் பிடித்து வைக்க அது கொடுக்கவோ வாங்கவோ வேண்டிய கரண்ட்தான் இங்கே பிழை. கரண்ட் மிரர்கள் அந்தக் கரண்டை நகலெடுத்து, உள்ளே இருக்கும் சில பிகோஃபாரட் கெபாசிட்டருக்குள் செலுத்துகின்றன. அங்கே எழும் வோல்டேஜ் இன்னொரு பஃபர் வழியாக அவுட்புட்டுக்கு வருகிறது.

இப்போது அவுட்புட் 1 வோல்ட் நகர்கிறது என்று வையுங்கள். மைனஸ் பின் அசையவில்லை. Rg-யின் ஒரு முனை கிரவுண்டில், மறு முனை அசையாத பின்னில். அதனால் Rg-யில் ஓடும் கரண்ட் மாறவே மாறாது. Rf வழியே கூடுதலாக வரும் 1/Rf ஆம்பியர் முழுவதும் பஃபருக்குத்தான் போகிறது. Rg எவ்வளவாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. லூப்பின் வேகத்தை Rf முடிவு செய்கிறது, Rg கெயினை மட்டும் முடிவு செய்கிறது.

வீடியோ கருவிகள் பழுது பார்ப்பவர்: அப்படியானால் இதற்கு கெயின்-பேண்ட்விட்த் எல்லையே கிடையாது. கெயின் 100 வைத்தாலும் −1-இல் கிடைக்கும் அதே 60 மெகாஹெர்ட்ஸ் வரும், சரிதானே?

பாதி சரி. மைனஸ் பின் துளியும் அசையாது என்று வைத்துக்கொண்டுதான் மேலே சொன்னேன். அந்தப் பஃபருக்கும் ஒரு வெளியீட்டு ரெசிஸ்டன்ஸ் உண்டு. AD844-இல் அது சுமார் 50 ஓம். அதை Ri என்போம். Rg சிறிதாகச் சிறிதாக, Rf வழியே வரும் கரண்டில் ஒரு பகுதி Ri-யை விட்டு Rg பக்கம் ஒழுகத் தொடங்கும். கணக்குப் போட்டால் இப்படி வரும்:

```
f = 1 / (2π · C · (Rf + G·Ri))
```

C என்பது உள்ளே உள்ள கெபாசிட்டர், AD844-இல் சுமார் 4.5 பிகோஃபாரட். G என்பது பிளஸ் பின்னிலிருந்து பார்க்கும் கெயின், 1 + Rf/Rg. சிக்னலை மைனஸ் பக்கம் கொடுத்து −1 எடுத்தாலும் இங்கே G = 2 என்றுதான் போட வேண்டும், −10 என்றால் 11.

Rf = 500 ஓம், கெயின் −1 என்றால் அடைப்புக்குறிக்குள் 500 + 100 = 600 ஓம். விடை 59 மெகாஹெர்ட்ஸ். அதே Rf-ஐ வைத்துக்கொண்டு கெயினை −10 ஆக்கினால் 500 + 550 = 1050 ஓம், அதாவது 34 மெகாஹெர்ட்ஸ். டேட்டாஷீட் சொல்வது 60, 33. இவ்வளவு எளிய சூத்திரம் இவ்வளவு நெருங்கி வருவது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருகிறது.

சாதாரண ஆப்-ஆம்ப் ஒன்று −1-இல் 60 கொடுத்தால், −10-இல் 11 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். இது 33-இல் நிற்கிறது. ஆனால் G = 101 ஆக்கினால் Ri-யின் பங்கு மட்டும் 5050 ஓம், பேண்ட்விட்த் சுமார் 6.4 மெகாஹெர்ட்ஸ். அந்த இடத்தில் இதுவும் பழைய விதிக்குள் வந்துவிடுகிறது. Rf-ஐவிட G·Ri சிறியதாக இருக்கும் வரைதான் நீங்கள் சொல்வது செல்லும்.

ஆய்வக உதவியாளர்: நாங்கள் சோதித்தபோது 30-க்குப் பக்கத்தில்கூட வரவில்லை. Rg 500 ஓம், Rf 5 கிலோ ஓம், கெயின் 11. ஆறு மெகாஹெர்ட்ஸ்தான். ஐசி போலியா?

ஐசி மேல் சந்தேகம் வேண்டாம். 5000 + 550 = 5550 ஓம், கணக்குப்படியே 6.4 மெகாஹெர்ட்ஸ்தான் வர வேண்டும். 741-இல் பழகிய கை Rf-ஐ உயர்த்தித்தான் கெயினைக் கூட்டும். இங்கே Rf-ஐ 500-இல் நிறுத்திவிட்டு Rg-யை 50 ஓம் ஆக்குங்கள். 34-க்குப் பக்கத்தில் வரும். இன்னும் வேண்டுமென்றால் Rf = 300, Rg = 30 வைத்தால் கணக்கில் 42 வருகிறது. அதற்கும் கீழே போனால் ஃபீட்பேக் ரெசிஸ்டர்களே அவுட்புட்டுக்குப் பெரிய லோடு ஆகிவிடும்.

பவர் சப்ளை செய்பவர்: எங்கள் எஸ்எம்பிஎஸ்-இல் ஷன்ட் ரெசிஸ்டர் வைத்து லோடு கரண்டை அளந்து திருப்பிக் கொடுக்கிறோம். இதுவும் கரண்ட் ஃபீட்பேக்தானே?

பெயர் ஒன்று, விஷயம் வேறு. நீங்கள் வெளியே ஓடும் கரண்டைக் கட்டுப்படுத்துகிறீர்கள். இங்கே கட்டுப்படுவது அவுட்புட் வோல்டேஜ், மைனஸ் பின்னுக்குத் திரும்பி வரும் பிழை மட்டும் கரண்ட். உங்கள் வேலைக்கு AD844 தேவையில்லை.

அல்ட்ராசவுண்ட் சென்சாரோடு வேலை செய்பவர்: இரைச்சலைக் குறைக்க 1 கிலோ ஓம் Rf-க்கு இணையாக 100 பிகோஃபாரட் போட்டேன். ஐசி சுடுகிறது, டிசி லெவலும் தள்ளி நிற்கிறது. ஸ்கோப்பில் கோடு தடித்துத் தெரிகிறது.

ஆஸிலேட் ஆகிறது. தடித்த கோடும் சூடும் அதைத்தான் சொல்கின்றன. சாதாரண ஆப்-ஆம்ப்பில் அந்தக் கெபாசிட்டர் லூப்பை அமைதிப்படுத்தும், இங்கே நேர் எதிர். உயர் அதிர்வெண்ணில் அது Rf-ஐ ஷார்ட் செய்துவிடுகிறது. சூத்திரத்தில் Ri-யின் 50 ஓம் மட்டும் மிஞ்சுகிறது. கணக்கு 700 மெகாஹெர்ட்ஸ் என்கிறது. அதற்கு வெகு முன்பே உள்ளே உள்ள டிரான்சிஸ்டர்களின் ஃபேஸ் கைவிட்டுவிடும். கெயின் 1 எடுக்க அவுட்புட்டையும் மைனஸ் பின்னையும் வயரால் இணைப்பவர்களுக்கும் இதே கதிதான். அங்கேயும் Rf இருந்தே ஆக வேண்டும்.

100 பிகோஃபாரட்டைக் கழற்றுங்கள். வடிகட்டுவதை பிளஸ் பின்னுக்கு முன்னால் ஒரு ஆர்சி வைத்துச் செய்யுங்கள். அப்புறம் சதுர அலை கொடுத்துப் பாருங்கள். விளிம்பில் துள்ளல் மிச்சம் இருந்தால் Rf-ஐக் கொஞ்சம் கூட்டினால் அடங்கும்.

ஓய்வு பெற்ற டிசைன் பொறியாளர்: Ri-யை மாறிலி என்று எடுத்தது சரியில்லை. அதிர்வெண் ஏற ஏற அது உயரும், இன்டக்டர் போல. தவிர, இதைத் தனி வகை என்பதே எனக்கு ஒப்பவில்லை. குறைந்த இம்பீடன்ஸ் மைனஸ் இன்புட் உள்ள வோல்டேஜ் ஃபீட்பேக் என்றும் பார்க்கலாமே?

முதல் பகுதியை அப்படியே ஏற்கிறேன். 50 ஓம் என்பது தாழ்ந்த அதிர்வெண் மதிப்பு. அதிக கெயினில் அளவீடு கணக்கிலிருந்து விலக அது ஒரு காரணம். இரண்டாவதில் எனக்கு வேறு கருத்து. Ri-யின் குறுக்கே வரும் சிறு வோல்டேஜைப் பிழை என்று எழுதினாலும் அதே சமன்பாடுதான் வருகிறது என்பது உண்மை. எந்தச் சோதனையும் இரண்டு பார்வையையும் பிரித்துக் காட்டாது. ஆனாலும் Rf-ஐத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் கரண்ட் என்று நினைப்பவர் தப்பு செய்வது குறைவு என்பதால் நான் அந்தப் பக்கம் நிற்கிறேன். நீங்கள் மறுத்தால் அதற்கும் இடமிருக்கிறது.

கல்லூரி மாணவர்: அந்த உள் கெபாசிட்டரை நேரடியாகப் பார்க்க வழி உண்டா சார்?

AD844-இல் உண்டு, அந்த முனை 5-ஆம் பின்னாக வெளியே வருகிறது. அங்கிருந்து கிரவுண்டுக்கு 4.7 பிகோஃபாரட் வைத்தால் பேண்ட்விட்த் பாதிக்கு இறங்கும். பேண்ட்விட்த்தைக் குறைக்கப் பாதுகாப்பான வழியும் அதுவே. அங்கே ஸ்கோப் புரோபை மட்டும் வைக்காதீர்கள். புரோபே 10 பிகோஃபாரட் அளவுக்கு இருக்கும், நீங்கள் அளக்க வந்த பேண்ட்விட்த்தை அதுவே மூன்றில் ஒன்றாக்கிவிடும். அவுட்புட்டில், 6-ஆம் பின்னில் பாருங்கள்.