முந்திரி என்றால் திராட்சை

கேள்வி: என் மகள் யுகேஜி படிக்கிறாள். அவள் வகுப்பில் ஒரு குழந்தைக்கு அலர்ஜியாம். யாரும் நட்ஸ் கொடுத்துவிடக் கூடாது, பிறந்தநாளுக்குத் தின்பண்டமும் கூடாது என்று செய்தி வந்திருக்கிறது. ஒருவருக்காக எல்லோரும் ஏன் மாற வேண்டும்?

இந்த மாதிரி ஒரு செய்தியை அனுப்பி, அதில் கோட்டை விட்டவள் நான். கேரள எல்லையில், களியக்காவிளைப் பக்கம் ஒரு சின்னப் பள்ளியில் யுகேஜி டீச்சர். உங்களுக்குக் கோபம் இருக்கும், காலை ஆறரைக்கு எழுந்து டப்பா கட்டுகிறவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். நானும் கட்டுகிறேன்.

அந்த வருடம் என் வகுப்பில் 31 பிள்ளைகள். ஒரு பையனுக்கு முந்திரிப்பருப்பு ஆகாது என்று அவன் அம்மா டாக்டர் சீட்டோடு வந்து சொன்னார். மலையாளம் பேசும் வீடுகள் பாதி, தமிழ் வாசிக்கத் தெரியாதவர்களும் உண்டு. அதனால் எழுதாமல் குழுவில் குரல் பதிவாகப் போட்டேன்: "நாளையிலிருந்து யாரும் முந்திரி கொடுத்துவிட வேண்டாம்." சுருக்கமாகச் சொல்லிவிட்டோம் என்று எனக்குப் பெருமை வேறு.

ஒரு வாரம் கழித்து ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள். கோட்டயத்துப் பக்கமிருந்து இங்கே கல்யாணமாகி வந்த அம்மா, தூக்குவாளியில் சேமியா பாயசம் கொண்டு வந்தார். "டீச்சரே, முந்திரி ஒந்நும் இட்டிட்டில்லா" என்று சிரித்தபடி சொன்னார். எட்டிப் பார்த்தேன். உலர்திராட்சை ஒன்றுகூட இல்லை. நெய்யில் வறுத்த அண்டிப்பருப்பு, அதாவது நம் முந்திரிப்பருப்பு, பொடிப்பொடியாக சேமியாவுக்குள் கிடந்ததை நான் கவனிக்கவில்லை. மலையாளத்தில் முந்திரி என்றால் திராட்சை! அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். பிறந்ததிலிருந்து இரண்டு மொழியும் கேட்டு வளர்ந்த எனக்கு அது ஏன் உறைக்கவில்லை என்று இன்றைக்கும் தெரியவில்லை.

பையன் இரண்டு கரண்டிதான் சாப்பிட்டிருப்பான். பத்து நிமிடத்தில் விரலை வாய்க்குள் விட்டு நாக்கைச் சுரண்ட ஆரம்பித்தான். "தொண்டையில முடி இருக்கு டீச்சர்" என்றான். நிஜமாகவே முடி என்று நினைத்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். சின்னக் குழந்தைகள் அலர்ஜியை இப்படித்தான் சொல்வார்களாம், அப்புறம் டாக்டர் சொன்னார். உதடு தடித்தது, கழுத்தில் கொசு கடித்த மாதிரி தடிப்பு, ஒரு வாந்தி. அவன் அம்மா கொடுத்து வைத்திருந்த அரிப்பு மருந்தை ஊட்டிவிட்டுக் குறைகிறதா என்று கால் மணி நேரம் காத்திருந்தோம். இருமல் வந்து குரல் கம்மியபோதுதான் பயந்து, கையைப் பிடித்து வாசல் வரை நடத்திக் கூட்டிப் போய் ஆட்டோ ஏற்றினோம்.

ஆஸ்பத்திரியில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் குரல் திரும்பியது. அடங்கினது சில மணி நேரத்தில் மறுபடி வரலாம் என்று சாயங்காலம் வரை படுக்க வைத்திருந்தார்கள். டாக்டர் இரண்டு விஷயத்துக்குத் திட்டினார். ஒன்று, காத்திருந்தது: அந்தச் சிரப் அரிப்பைத்தான் குறைக்கும், மூச்சுக்குழாய் வீங்குவதையோ ரத்த அழுத்தம் விழுவதையோ நிறுத்தாது. இன்னொன்று, நடத்தியது: படுத்தபடி தூக்கி வரணும், மூச்சு முட்டினால் உட்கார்த்தி வைக்கலாம், நடக்கவே விடக் கூடாது. வெளிநாட்டுப் பள்ளிகளில் பேனா மாதிரி ஒரு அட்ரினலின் ஊசி அலமாரியில் இருக்குமாம். இங்கே மருந்துக்கடையில் அது சாதாரணமாகக் கிடைக்கிற சாமான் இல்லை. அதனால் வாய்க்குள் போகாமல் பார்ப்பதுதான் எங்கள் கையில் இருக்கிறது.

இப்போது உங்கள் கேள்வி. அந்தப் பையனின் டப்பாவில் ஆபத்து இல்லை, அதை அவன் அம்மா பார்த்துக்கொள்வார். ஐந்து வயதில் பிள்ளைகள் ஒருவர் கரண்டியில் இன்னொருவர் சாப்பிடுவார்கள், கடித்த லட்டைப் பாதி கொடுப்பார்கள். அடுத்தவர் டப்பாவை அவனால் கேள்வி கேட்க முடியாது. பெரிய வகுப்புக்குப் போய் "எனக்கு ஆகாது" என்று அவனே சொல்லும் வயது வந்ததும் இந்தச் சட்டத்தைத் தளர்த்தலாம்.

"இது அண்டி ஊரு, எங்க தலைமுறையில யாருக்கு வந்துச்சு?" என்று கேட்பவர்கள் வருவார்கள், எனக்கும் வந்தார்கள். என் அம்மா பல வருடம் அண்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் முந்திரித் தொழிற்சாலையில் முந்திரிக்கொட்டையின் தோடு உடைத்தவர். அவர் விரல்கள் கறுத்து வெந்திருக்கும். அது தோட்டில் இருக்கும் எண்ணெய் செய்கிற வேலை, யார் கையில் பட்டாலும் புண்ணாகும். உள்ளே இருக்கும் பருப்பின் புரதத்தை உடம்பு எதிரியாக நினைப்பது வேறு கதை, வறுத்தாலும் அது போகாது.

ஆனால் உங்கள் பள்ளிச் செய்தியிலும் தப்பு இருக்கிறது. "நட்ஸ்" என்று பொத்தாம்பொதுவாகப் போட்டால் பாதிப் பேர் பாதாம் பாக்கெட்டை மட்டும் நினைப்பார்கள், மீதிப் பேர் நிலக்கடலையை நிறுத்துவார்கள். நிலக்கடலை பயறு வகை. டாக்டர் சீட்டில் அது இல்லையென்றால் கடலை மிட்டாயைப் பிடுங்க வேண்டியதில்லை. எந்தப் பருப்பு என்று கேளுங்கள். நான் இரண்டாம் தடவை அனுப்பியது இது:

"நம் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு அண்டிப்பருப்பு (தமிழில் முந்திரிப்பருப்பு, மலையாளத்தில் கசுவண்டி) ஆகாது. பிஸ்தாவும் வேண்டாம். பாயசம், பொங்கல், கேசரி, குருமா, லட்டு, மிக்சர் ஆகியவற்றில் போட்டிருந்தால் அன்றைக்குக் கொடுத்துவிட வேண்டாம். பாக்கெட் என்றால் அலர்ஜி வரியைப் படியுங்கள். பேக்கரியில் எடைக்கு வாங்கியது வேண்டாம். ஏத்தன்பழம், அவல், சுண்டல், இலையப்பம், வீட்டில் பொரித்த நேந்திரங்காய் உப்பேரி எல்லாம் தரலாம். பிறந்தநாளுக்குப் பென்சில் போதும். காலையில் அண்டிப்பருப்பு சாப்பிட்டிருந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவி அனுப்புங்கள்."

பிஸ்தா ஏன் என்றால், இரண்டும் ஒரே குடும்பத்து மரம், ஒன்று ஆகாதவர்களில் பெரும்பாலோருக்கு மற்றதும் ஆகாது. சானிடைசர் கிருமியைத்தான் கொல்லும், பருப்பின் புரதம் கையிலேயே இருக்கும், அதனால்தான் சோப்பு. பிள்ளையின் பெயரைப் போடவில்லை. எல்லோருக்கும் தெரியும் என்பது வேறு விஷயம்.

இந்தச் செய்தியை அச்சடித்து 31 வீட்டுக்கும் கொடுக்கணும் என்றேன். ஜெராக்ஸ் காசு என் பையிலிருந்துதான் போனது. சார்ட் பேப்பர், கலர் பென்சில், ஆண்டு விழாவுக்குக் காகிதப்பூ, எல்லாமே அப்படித்தான். சம்பளத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். ராத்திரி பத்து மணிக்குக் குழுவில் வரும் கேள்விக்குப் பதில் போடவில்லையென்றால் மறுநாள் ஆபீஸ் ரூமில் விசாரணை வேறு. சரி, அதை விடுங்கள்.

செய்தி போன அன்று ராத்திரி ஒரு பையனின் பாட்டி கூப்பிட்டார். "மக்கா, எங்க வீட்ல முந்திரிக்கொத்து செஞ்சிருக்கேன், அதுவும் கூடாதா?" சிறுபயறு, வெல்லம், தேங்காய்தானே பாட்டி, பேரில் மட்டும்தான் முந்திரி என்றேன். உள்ளே அண்டிப்பருப்பு ஏதும் போட்டீர்களா என்று இந்தத் தடவை கேட்டும் பார்த்தேன். "ஐயே, அத யாரு போடுவா" என்றார். மறுநாள் எனக்கும் நாலு உருண்டை வந்தது.