பத்து வீத வித்தியாசம்

அண்ணா, அணுக்கரு ஒரு திரவத்துளி மாதிரி என்கிறார்கள். பிளவுக்கு, புரோத்தன் எண்ணின் வர்க்கத்தைத் திணிவெண்ணால் வகுத்த Z²/A தான் கணக்காம். யுரேனியம்-238க்கு 35.6, ஈயம்-208க்கு 32.3 வருகிறது. வெறும் பத்து வீத வித்தியாசம்! இதற்காகவா ஒன்று பிளக்கிறது, மற்றது அசையாமல் கிடக்கிறது?
– உயர்தர மாணவி, வெள்ளவத்தை

அன்புள்ள தங்கச்சிக்கு,

கணக்கு சரி. ஈயம் பிளந்தாலும் நூறு மெகா இலத்திரன்வோல்ட்டுக்கு மேல் சக்தி வரும். ஆகவே லாபம் இரண்டிலும் உண்டு. நடுவில் ஏற வேண்டிய மேடுதான் வேறு.

குழாய் நுனியில் தொங்கும் துளியைப் பாருங்கள். நீண்டு, கழுத்து மெலிந்து, பிறகுதான் அறும். கருவும் முதலில் முட்டை வடிவாக நீள வேண்டும். நீண்டால் மேற்பரப்பு கூடும், அதற்குச் சக்தி செலவு. ஆனால் புரோத்தன்கள் ஒன்றையொன்று விட்டு விலகுவதால் அந்தப் பக்கம் சக்தி குறையும். சிறு நீட்சிக்கு மேற்பரப்புச் சக்தி ஐந்தில் இரண்டு பங்கு என்ற விகிதத்தில் ஏறினால், மின்னேற்றத்தின் சக்தி ஐந்தில் ஒரு பங்கு என்ற விகிதத்தில் இறங்குகிறது. அதனால் மின்னேற்றச் சக்தி மேற்பரப்புச் சக்தியைப்போல் இரண்டு மடங்கானால்தான் துளி தானாகவே உடையும். அந்த எல்லைக்கு எவ்வளவு அருகில் நிற்கிறோம் என்பதே பிளவுறுமை எண் x. நீல்ஸ் போரும் ஜோன் வீலரும் 1939இல் இப்படித்தான் கணக்குப் போட்டார்கள்.

Z²/A எல்லை ஏறத்தாழ 50. நியூத்திரன் மிகுந்த கருவில் மேற்பரப்பு கொஞ்சம் தளர்வதால் இந்த இரண்டுக்கும் அது 46, 47 என்று இறங்கும். அப்போது Z²/Aஐ இந்த எல்லையால் வகுத்தால் யுரேனியத்துக்கு x = 0.77, ஈயத்துக்கு 0.69.

இனித்தான் விஷயம். மேட்டின் உயரத்தைத் தீர்மானிப்பது x அல்ல, எல்லைக்கு மிச்சமிருக்கும் தூரம். அதுவும் மும்மடியாக:

B ≈ 0.83 (1 − x)³ Eₛ

மிச்சம் 0.23, 0.31. மும்மடியாக்கினால் 0.012, 0.030. மேற்பரப்புச் சக்தி Eₛ இரண்டிலும் 600க்குக் கிட்ட. ஆக யுரேனியத்தின் மேடு சுமார் 6 மெகா இலத்திரன்வோல்ட், ஈயத்தினது சுமார் 14. உங்கள் பத்து வீதம் இரண்டு மடங்குக்கு மேலாகிவிட்டது.

உண்மையில் ஈயத்தின் மேடு 25ஐயும் தாண்டும். இதைத் துளி சொல்லாது. 82 புரோத்தன், 126 நியூத்திரன் இரண்டுமே கருவுக்குள் அவை அடுக்கும் ஓடுகள் முழுதாக நிறையும் எண்கள், அதனால் ஈயம் துளிக்கணக்கு சொல்வதைவிட ஆழமான பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. துளிக்கணக்கை நான் இந்த இடம் வரைக்கும்தான் நம்புவேன்.

இப்போது மெதுவான ஒரு நியூத்திரன் வந்து ஒட்டுகிறது என்று வையுங்கள். யுரேனியம்-235க்கு அது கொண்டுவருவது 6.5, அங்கே மேடு 6க்குச் சற்றுக் கீழே. ஏறியாயிற்று. ஈயம்-208க்குக் கிடைப்பது 4 தான். இருபதுக்கு மேல் குறைகிறது. முடுக்கிகளில் நூற்றுக்கணக்கான மெகா இலத்திரன்வோல்ட்டோடு துகள்களை மோதவிட்டு ஈயத்தையும் பிளந்திருக்கிறார்கள். உங்கள் கடற்கரையில் தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டை நியூத்திரன் மழையில் நனைத்தாலும் அது ஈயக்குண்டாகத்தான் கிடக்கும்.