ஊருக்குப் பணம் அனுப்ப எது லாபம்?

சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். என் பேங்க் ‘கட்டணம் இல்லை’ என்கிறது. பணம் அனுப்பும் ஆப் 5 டாலர் கேட்கிறது. பேங்க்தானே மலிவு?

கட்டணத்தை விடுங்கள், வீட்டுக் கணக்கில் எத்தனை ரூபாய் விழுகிறது என்று பாருங்கள். 1000 டாலர் அனுப்புகிறீர்கள், சந்தை விலை டாலருக்கு 65 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பேங்க் 64.20 ரேட் கொடுத்தால் வீட்டுக்கு 64,200 ரூபாய். ஆப் 5 டாலரை எடுத்துக்கொண்டு மீதி 995 டாலருக்கு 64.95 கொடுத்தால் 64,625. கட்டணம் கேட்ட இடத்தில்தான் 425 ரூபாய் கூடுதல்! பேங்க் தன் பங்கை ரேட்டிலேயே எடுத்துக்கொள்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்து பாருங்கள். புது வாடிக்கையாளருக்கான சலுகை ரேட் பெரும்பாலும் முதல் தடவைக்கு மட்டும்தான். அடுத்த மாதமும் ஒப்பிட வேண்டும்.

வங்கிக்கு வங்கி வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ஸ்விஃப்ட் முறையில் அனுப்பினேன். சொன்னதைவிடக் குறைவாகவே அப்பாவுக்கு வந்தது. ஏன்?

வழியில் இருக்கும் இடைநிலை வங்கி தன் கட்டணத்தைப் பிடித்திருக்கும். அனுப்பும்போது படிவத்தில் OUR, SHA, BEN என்று கேட்பார்கள். OUR என்றால் செலவு முழுவதும் உங்களுடையது. SHA என்றால் இடையில் பிடிப்பது அப்பாவின் தொகையில் குறையும். BEN என்றால் செலவு முழுவதும் அப்பாவின் தொகையில்தான். மாதாமாதம் அனுப்பும் சிறு தொகைக்கு ஸ்விஃப்ட் வேண்டாம். வீடு, நிலம் வாங்கப் பெரிய தொகை அனுப்பினால் யோசிக்கலாம்.

அமெரிக்க டாலர் மதிப்பை ஒட்டிய கிரிப்டோ நாணயமான USDT-யில் அனுப்பினால் ஒன்றிரண்டு டாலர்தான் செலவு, நிமிடத்தில் போய்விடும் என்கிறான் நண்பன். உண்மையா?

நடுவில் உள்ள பயணத்துக்கு உண்மை. ஆனால் டாலரைக் கொடுத்து USDT வாங்க ஒரு செலவு, ஊரில் அதை ரூபாயாக்க இன்னொரு செலவு. இந்தியாவில் விற்கும்போது தொகையில் 1% டிடிஎஸ் பிடிப்பார்கள். 65,000 ரூபாய்க்கு 650. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் அதைக் கணக்கில் காட்டிக்கொள்ளலாம், ஆனால் அதுவரை பணம் கையில் இல்லை. லாபம் வந்தால் அதற்கு 30% வரி வேறு.

பணத்தைவிட எனக்குக் கவலை பி2பி, அதாவது ஆளுக்கு ஆள் நேரடியாக விற்கும் விற்பனைதான். அப்பா முகம் தெரியாத ஒருவருக்கு USDT விற்கிறார், ரூபாய் கணக்குக்கு வருகிறது. அது யாரையோ ஏமாற்றி எடுத்த பணமாக இருந்தால், சைபர் கிரைம் புகாரின் பேரில் அப்பாவின் கணக்கை முடக்கிவிடுவார்கள். புகார் வேறு மாநிலத்தில் பதிவாகியிருந்தால் அந்தப் போலீஸாரிடம்தான் அவர் பேச வேண்டியிருக்கும். ஆப்பில் தெரியும் பெயர் ஒன்று, பணம் போட்டவர் பெயர் வேறு என்றால் USDT-யை விடுவிக்கவே கூடாது. உடனே அந்தத் தளத்தில் புகார் கொடுக்கச் சொல்லுங்கள்.

அவசரத்துக்கு என்ன செய்வது?

சிங்கப்பூர் என்றால் பேநவ்–யுபிஐ இணைப்பு இருக்கிறது. 2023 பிப்ரவரியில் வந்தது. பணம் உடனே போய்விடும். ஆனால் எல்லா வங்கியும் அதில் இல்லை, நாள் வரம்பும் உண்டு. தொடங்கியபோது அது 1000 டாலர். உங்கள் வங்கி, அப்பாவின் வங்கி இரண்டுமே அதில் இருக்கின்றனவா என்று இப்போதே பார்த்து, சிறு தொகை ஒன்றை அனுப்பிச் சோதித்து வைத்துக்கொள்ளுங்கள்.