விடிந்ததும் தும்மல்: தலையணையைப் பாருங்கள்

கேள்வி: காலையில் எழுந்து போர்வையை உதறி மடிப்பதற்குள் 15, 20 தும்மல் வந்துவிடுகிறது. கண் அரித்து நீர் கொட்டுகிறது. பத்து மணிக்கு மேல் சரியாகிவிடும். செட்டிரிசின் போட்டால் தும்மல் நிற்கிறது, மூக்கடைப்பு மட்டும் போவதில்லை. தலைக்குக் குளிப்பதைக் குறைத்தும் பார்த்துவிட்டேன். இது சளிதானா? (வாசகர், கடலூர்)

பதில்: சளி பிடித்தால் ஒரு வாரம், பத்து நாளில் விட்டுவிடும். தினமும் படுக்கையில் தொடங்கி பத்து மணிக்கு அடங்குகிறது என்றால் அது பெரும்பாலும் ஒவ்வாமை. தலைக்குக் குளியுங்கள், பாவம் அதன்மேல் பழி வேண்டாம்.

நான் முதலில் சந்தேகப்படுவது டஸ்ட் மைட் எனும் தூசிப்பூச்சியை. கால் மில்லிமீட்டர் அளவுதான், கண்ணுக்குத் தெரியாது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல்தூள்தான் அதற்குச் சாப்பாடு. தண்ணீர் குடிக்காது, காற்றின் ஈரத்தையே உறிஞ்சிக்கொள்ளும். அதனால் கடலோர ஊரும் பழைய இலவம்பஞ்சுத் தலையணையும் அதற்கு ரொம்பப் பிடிக்கும். அது கடிப்பதில்லை. தொல்லை தருவது அதன் கழிவு. அந்தத் துகள்கள் கனமானவை, கிளம்பினாலும் சீக்கிரம் படிந்துவிடும். ஆனால் நீங்கள் இரவெல்லாம் அதில் முகம் புதைத்துத் தூங்கி, காலையில் போர்வையையும் உதறிக் கிளப்பிவிடுகிறீர்கள்.

அந்தக் கழிவிலுள்ள புரதம் மூக்கின் உட்தோலைத் தொட்டதும், அங்கே காத்திருக்கும் மாஸ்ட் செல்கள் எனும் எதிர்ப்பு அணுக்கள் சில நிமிடங்களில் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டும். தும்மல், அரிப்பு, நீர் எல்லாம் அதன் வேலை. செட்டிரிசின் தடுப்பது இதைத்தான். சில மணி நேரம் கழித்து இரண்டாவது அலை வரும். வேறு வெள்ளணுக்கள் வந்து குவிந்து, உட்தோல் தடித்துப்போகும். உங்கள் அடைப்பு பெரும்பாலும் இந்த வீக்கம். இது தினமும் நடந்தால் மூக்கு எப்போதும் புண்பட்டே இருக்கும். பிறகு ஊதுபத்திப் புகைக்கும் தாளிப்பு நெடிக்கும்கூடத் தும்மல் வரும்.

வீக்கத்துக்கு ஏற்றது மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே. மருத்துவரிடம் காட்டி எழுதி வாங்குங்கள். பலர் இரண்டு நாள் அடித்துவிட்டு "கேட்கவில்லை" என்று நிறுத்திவிடுகிறார்கள். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம். தலையைச் சற்றுக் குனிந்து, வலது மூக்குக்கு இடக்கையால், இடது மூக்குக்கு வலக்கையால் அடியுங்கள். முனை நடுச்சுவரைப் பார்க்காமல் காதுப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். நடுச்சுவரிலேயே அடித்தால் ரத்தம் கசியும். உடனே மூக்கைத் திறக்கும் சொட்டுமருந்தை நான்கைந்து நாளுக்கு மேல் போடாதீர்கள், நிறுத்தியதும் முன்பைவிட அதிகமாக அடைக்கும்.

வீட்டில் முதலில் மாற்ற வேண்டியது தலையணை. வெயிலில் காயவைத்தால் பூச்சி குறையும், கழிவு அப்படியே இருக்கும். ஆகவே பழையதை விட்டுவிட்டுப் புதியதற்கு ஜிப் வைத்த, நெருக்கமாக நெய்த உறை போடுங்கள். விரிப்பையும் உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள், பச்சைத்தண்ணீரில் பூச்சி சாகாது.

ஒவ்வாமை எதற்கென்று அறியத் தோல் பரிசோதனை செய்துகொள்வதானால் செட்டிரிசினைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அடைப்பது, ரத்தம் வருவது, மூச்சில் விசில் சத்தம் கேட்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் மருத்துவரிடம் போங்கள், தலையணையைப் பிறகு பார்க்கலாம்.