மணல் மூட்டை கூரையைப் பிடிக்காது

கேள்வி: திருவொற்றியூரில் எங்கள் மொட்டை மாடியில் 10க்கு 12 அடியில் ஓர் அறை இருக்கிறது. மேலே தகர ஷீட். புயல் வந்தால் பத்து மணல் மூட்டைகளை ஏற்றி வைப்போம். இது போதுமா?

போதாது. காற்று கூரையை மேலிருந்து அழுத்துவதைவிட, மேல்நோக்கி உறிஞ்சி இழுப்பதே அதிகம். சென்னைக்கு இந்தியத் தரநிலை வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் மணிக்கு 180 கி.மீ. அந்த வேகத்தில் சதுர அடிக்குத் தோராயமாக 14 கிலோ இழுப்பு வரும். உங்கள் 120 சதுர அடிக்கு அது 1,600 கிலோவைத் தாண்டும். ஓரங்களிலும் மூலைகளிலும் இன்னும் கூடும். காற்று வரும் பக்கத்துக் கதவு திறந்துகொண்டால் உள்ளிருந்தும் தள்ளும். ஷீட்டின் எடை 60 கிலோகூடத் தேறாது. மூட்டைக்கு 30 கிலோ என்றாலும் பத்து மூட்டை 300 கிலோதான்.

ஆகவே இழுப்பு ஷீட்டிலிருந்து அதைத் தாங்கும் குறுக்குச் சட்டமான ரீப்பருக்கும், அங்கிருந்து ரீப்பரைத் தாங்கும் கைமரத்துக்கும், பிறகு சுவருக்கும் இறங்கிப் போக வேண்டும். வழியில் ஓர் இணைப்பு தளர்ந்தாலும் கூரை அங்கே பிய்ந்துவிடும். பலர் ஷீட்டுக்கு மட்டும் நிறைய ஸ்க்ரூ போட்டுவிடுகிறார்கள். அப்போது ஷீட் கழன்று பறக்காது. ரீப்பர், கைமரத்தோடு முழுக் கூரையும் எழும்பும்.

முதலில் கைமரத்தின் முனைகளைப் பாருங்கள். நாலு கைமரம் இருந்தால் எட்டு முனை. ஒவ்வொன்றும் சுமார் 200 கிலோவைத் தாங்க வேண்டும். மேலிருந்து அடித்த ஆணி நேராக உருவிக்கொண்டு வந்துவிடும். துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டையைக் கைமரத்தின் மேலாகச் சுற்றி, இருபக்கவாட்டிலும் ஆணி அடியுங்கள். பக்கவாட்டு ஆணியை உருவ காற்றுக்கு வழியில்லை. அதை வெட்டினால்தான் உண்டு. பட்டையின் கீழ்முனையை மேல்வரிசைச் செங்கல்லில் நிறுத்தாதீர்கள், செங்கல்லும் சேர்ந்து கிளம்பும். சுவரின் மேல் இரும்புக் கம்பி வைத்த கான்கிரீட் பட்டை போட்டு அதில் பதியுங்கள். அந்தக் கம்பிகள் சுவர் வழியாக மாடித் தளக் கான்கிரீட் வரை இறங்க வேண்டும். நாலரை அங்குலச் சுவர் என்றால் இது மிகவும் அவசியம். ரீப்பரும் கைமரமும் சந்திக்கும் ஒவ்வோர் இடத்திலும் இதேபோல் பட்டை கட்டுங்கள்.

ஷீட்டுக்கு ஜே போல்ட் அல்லது ரப்பர் வாஷர் வைத்த ரூஃபிங் ஸ்க்ரூ போதும். நடுவில் ஷீட்டின் நெளிவில் ஒரு மேடு விட்டு ஒரு மேட்டில் போடலாம். ஓரங்களிலும் மூலைகளிலும் மேட்டுக்கு மேடு போட வேண்டும். அங்கே ரீப்பர்களையும் நெருக்கி வையுங்கள். சுவருக்கு வெளியே ஷீட் ஓர் அடிக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் வெட்டிவிடுங்கள்.

பழைய ஷீட்டில் போல்ட் துளை நீள்வட்டமாக இழுபட்டிருந்தால், காற்று அதை ஏற்கெனவே ஆட்டியிருக்கிறது என்று அர்த்தம். துளையைச் சுற்றித் துருவும் ஏறியிருந்தால் பெரிய வாஷர் காப்பாற்றாது; ஷீட்டை மாற்றத்தான் வேண்டும். கடல் உப்புக்காற்றில் பட்டையும் அரிக்கும் என்பதால், ஆண்டுதோறும் அக்டோபருக்கு முன் ஒவ்வொரு முனையையும் கையால் அசைத்துப் பாருங்கள்.