சாத்துக்குடியைச் சாறாக்கும்போது என்ன நடக்கிறது?

கேள்வி: எனக்கு 41 வயது, எடை 82 கிலோ. பாளையங்கோட்டையில் இருக்கிறேன். எடையைக் குறைக்க இரண்டு மாதமாகக் காலையும் மாலையும் சர்க்கரை போடாத சாத்துக்குடி ஜூஸ் குடிக்கிறேன். ராத்திரி சாப்பாட்டுக்குப் பதிலாக ஒரு பெரிய நேந்திரம் பழமும் ஆறு பேரீச்சம்பழமும்தான். ஒரு கிலோகூடக் குறையவில்லை. பழத்தில் இருக்கிற இனிப்புதான் காரணமா டாக்டர்?

பதில்: சகோதரி, நீங்கள் முதலில் நிறுத்த வேண்டியது சாற்றைத்தான். 250 மில்லிலிட்டர் கொள்ளும் ஒரு தம்ளரை நிரப்ப மூன்று அல்லது நான்கு சாத்துக்குடிகளைப் பிழிய வேண்டியிருக்கும். கடைக்காரர் சர்க்கரையே போடாவிட்டாலும், பழத்துக்கே உரிய சர்க்கரை அதில் சுமார் 20 கிராம், அதாவது நான்கு தேக்கரண்டி அளவு இருக்கும். இரண்டு தம்ளரில் ஏறக்குறைய 200 கலோரி சேர்ந்துவிடுகிறது. அது நான்கு இட்லிக்குச் சமம். நான்கு இட்லி சாப்பிட்டால் மதியம் வரை பசி தாங்கும், ஆனால் சாறு குடித்த ஒரு மணி நேரத்திலேயே வயிறு மறுபடியும் கேட்கும்.

இதே சாத்துக்குடியைச் சுளையாக உண்டால் ஒன்றிலோ இரண்டிலோ போதும் என்று தோன்றிவிடும். மெல்லுவதற்கு நேரம் பிடிக்கிறது. சக்கையிலுள்ள நார்ச்சத்து வயிற்றை நிறைப்பதோடு, சர்க்கரை குடலில் மெதுவாக உறிஞ்சப்படும்படியும் செய்கிறது. பிழிந்து வடிகட்டும்போது அந்த நாரில் பெரும்பகுதி சக்கையோடு போய்விடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், குறைக்க வேண்டிய சர்க்கரைகளின் வரிசையில் தேனையும் பழச்சாற்றையும் சேர்த்ததே தவிர, முழுப்பழத்தைச் சேர்க்கவில்லை. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாகக் கருப்பட்டி போட்டால் எடை கூடாது என்று நம் பக்கத்தில் பலர் நம்புகிறார்கள். எடையைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான்.

உங்கள் இரவு உணவுக்கு வருகிறேன். பெரிய நேந்திரம் பழம் ஒன்றில் 180 கலோரி வரையிலும், நீர் வற்றியதால் இனிப்பு செறிந்த பேரீச்சம்பழம் ஆறில் ஏறக்குறைய 140 கலோரியும் இருப்பதால், மொத்தம் ஒரு சாதாரண இரவு உணவின் அளவை எட்டிவிடுகிறது. ஆனால் அதில் புரதம் மிகக் குறைவு. பத்து மணிக்குப் பசித்து, மிக்சரிலோ முறுக்கிலோ கை போகிறதா என்று மூன்று நாள் எழுதிப் பாருங்கள். என்னிடம் வருபவர்களில் பலருக்கு எடை தேங்கி நிற்பது அந்த இடத்தில்தான்.

இனி இரவில் இரண்டு இட்லி, நிறையச் சாம்பார், ஒரு அவித்த முட்டை அல்லது ஒரு கிண்ணம் சுண்டல் எடுத்துக்கொள்ளுங்கள். மாலை நான்கு மணிக்கு ஒரு கொய்யாப்பழத்தை விதையோடு மென்று தின்னுங்கள். காலையில் ஒரு சாத்துக்குடியைச் சுளையாக உண்ணலாம். நேந்திரம் வேண்டுமென்றால் பாதிப் பழம் போதும். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால், இரவு உணவைத் தவிர்ப்பது இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்திவிடக்கூடும் என்பதால், எந்த மாற்றத்தையும் உங்கள் மருத்துவரிடம் கேட்டே செய்யுங்கள். வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். ஆறு வாரமாகியும் முள் நகரவில்லை என்றால், தைராய்டுக்கான இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வாருங்கள்.