ஃபோன் அடித்தாலே வயிறு கலங்கினால்: பயத்தை ஒரு வாக்கியமாக்கிப் பாருங்கள்

"ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை ஒன்றின் காரைக்குடி ஆபீஸில் ஆர்டர் எடுக்கும் வேலை பார்க்கிறேன். கஸ்டமர்கள் பெரும்பாலும் வெளியூர். சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகு 'கால் பண்ணுங்க' என்று ஒரு மெசேஜ் வந்தால் போதும், வயிறு கலங்கிவிடும். ஏதோ தப்பு நடந்துவிட்டது, வேலை போயிடுமோ என்று தோன்றும். இப்போது மெசேஜ் வராத நாளிலும் அந்தப் பயம் இருக்கிறது. பாசிட்டிவாக நினை என்கிறார்கள், முடியவில்லை. என்ன செய்யலாம்?"
– ஒரு வாசகி, பள்ளத்தூர்

பாசிட்டிவாக நினைக்க வேண்டாம். 'எல்லாம் நல்லபடியாகத்தான் இருக்கும்' என்று சொல்லிக்கொண்டால் உங்கள் மனமே அதை நம்பாது. லாரியில் டைல்ஸ் உடைந்துபோனதையும், கஸ்டமர் கத்தியதையும் அது பார்த்திருக்கிறது. ஆறுதலைத் தேடுவதை விட்டுவிட்டு, பயத்தைச் சரிபார்க்கக்கூடிய ஒன்றாக மாற்ற வேண்டும்.

அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் உருவாக்கிய சிகிச்சை முறையின் அடிப்படை இதுதான். ஒரு சம்பவத்துக்கும் அதனால் வரும் கலக்கத்துக்கும் நடுவில் சட்டென்று ஒரு எண்ணம் ஓடுகிறது. அது ஓடும் வேகத்தில் நாம் அதைக் கவனிப்பதில்லை, கலக்கம் மட்டும்தான் தெரிகிறது. அந்த எண்ணத்தைப் பிடித்தால்தான் மேற்கொண்டு எதுவும் செய்ய முடியும்.

பிடிப்பதிலேயே பலர் தவறுகிறார்கள். 'என்னமோ மாதிரி இருக்கு' என்பது எண்ணம் அல்ல, உணர்வு. 'வேலை போயிடுமோ?' என்பது கேள்வி. கேள்விக்கு முடிவே கிடையாது, அது ராத்திரி முழுக்க ஓடும். அதை முற்றுப்புள்ளி வைத்த வாக்கியமாக மாற்றுங்கள்: 'இந்த மெசேஜால் எனக்கு வேலை போகப்போகிறது.' எழுதும்போது நெஞ்சு திக்கென்றுதான் இருக்கும். ஆனால் இனி அதைச் சோதிக்கலாம். பக்கத்திலேயே, இந்த நிமிஷம் அதை நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறீர்கள் என்று எழுதுங்கள். 80 என்றால் 80. குறைத்து எழுத வேண்டாம்.

அடுத்து, அந்த வாக்கியத்துக்குள் எத்தனை படிகள் ஒளிந்திருக்கின்றன என்று பாருங்கள். உங்கள் விஷயத்தில் நான்கு இருக்கும் என்று நினைக்கிறேன். அவர் குறை சொல்லத்தான் கூப்பிடுகிறார். குறை பெரியது, முழு ஆர்டரையும் திருப்பி அனுப்புவார். முதலாளி பழியை என் தலையில் போடுவார். அதனால் வேலையை விட்டு அனுப்புவார். பயம் இந்த நான்கையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதால் ஒன்றாகத் தெரிகிறது. தனித்தனியாகக் கேளுங்கள். குறை சொல்லக் கூப்பிட்டிருக்க வாய்ப்பு எவ்வளவு? 60 என்று வைப்போம். குறை என்றே இருந்தாலும், முழு ஆர்டரும் திரும்பி வர? 20. திரும்பி வந்தால் பழி உங்கள் மேல் விழ? 50. விழுந்தால் வேலை போக? 10. நான்கும் வரிசையாக நடந்தால்தான் வேலை போகும், அதனால் பெருக்கிப் பார்க்க வேண்டும். நூற்றுக்கு ஒன்றுகூட வரவில்லை. எண்கள் உத்தேசம்தான், நீங்கள் வேறு மாதிரி போடலாம். ஆனால் கொஞ்சம் முன்னால் 80 போட்டது, இந்த நான்கு படிகளையும் பார்க்காமல் போட்டது.

இன்னொரு கேள்வியும் உண்டு: 'கால் பண்ணுங்க' என்பதற்கு வேறு என்ன காரணங்கள் இருக்கலாம்? லாரி எப்போது வரும், பாக்கிப் பணத்தை எந்தக் கணக்கில் போடுவது, இன்னொரு அறைக்கும் இதே டிசைன் கிடைக்குமா, பதிக்கிற மேஸ்திரிக்கு ஏதோ சந்தேகம். இதுவரை உங்களுக்கு வந்த அழைப்புகளை நினைத்தாலே பட்டியல் நீளும்.

இப்போது புதிய வாக்கியத்தை எழுதுங்கள். இனிப்பாக இருக்க வேண்டியதில்லை, உண்மையாக இருந்தால் போதும். உதாரணமாக: 'நிறம் மாறியிருக்கிறது என்று அவர் சொல்லக்கூடும். அப்படியானால் போட்டோ கேட்டு வாங்கி, காலையில் பட்டறையில் பேசுவேன். சில டைல்ஸை மாற்றித் தர வேண்டியிருக்கலாம்.' இதில் கெட்ட செய்திக்கும் இடம் இருக்கிறது, அதனால் மனம் இதை ஏற்கும். பழைய வாக்கியத்தின் மேல் இருந்த நம்பிக்கை 80லிருந்து 50க்கு வந்தாலே நல்ல பலன். பூஜ்யத்துக்கு வரும் என்று காத்திருந்தால் இந்த முறையே வேலை செய்யவில்லை என்று தோன்றிவிடும்.

இதெல்லாம் பேப்பரில் நடக்க வேண்டும். மனசுக்குள் செய்தால் ஐந்து நிமிஷத்தில் பழைய கவலையாகவே மாறிவிடும். அதே நோட்டில், அழைப்பு முடிந்த பிறகு உண்மையில் என்ன நடந்தது என்று ஒரு வரி சேருங்கள். முக்கியமான பகுதி இதுதான், இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நல்லபடியாக முடிந்த அழைப்பை மனம் கணக்கில் வைத்துக்கொள்வதில்லை. 'அப்பாடா, இந்தத் தடவை தப்பிச்சோம்' என்று ஒதுக்கிவிட்டு அடுத்த மெசேஜுக்கு அதே பயத்தோடு காத்திருக்கும். கணிப்பும் நடந்ததும் ஒரே பக்கத்தில் அருகருகே இருந்தால் அப்படி ஒதுக்க முடியாது. இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள்.

இடையில் இரண்டு விஷயங்கள் இதைக் கெடுக்கும். ஒன்று, அழைப்பைத் தள்ளிப்போடுவது. மெசேஜைத் திறக்காமல் வைத்தால் உடனே நிம்மதி கிடைக்கும், அந்த நிம்மதிதான் அடுத்த தடவை பயத்தைக் கூட்டும். எழுதி முடித்ததும் கூப்பிட்டுவிடுங்கள். அல்லது 'காலை 10 மணிக்குப் பேசுகிறேன்' என்று பதில் போட்டுவிட்டு அப்படியே பேசுங்கள். இரண்டு, மறுபடி மறுபடி உறுதி கேட்பது. ஆர்டர் புக்கைப் புரட்டுவது, 'நான் சரியாத்தானே எழுதினேன்?' என்று கூட வேலை செய்பவர்களிடம் கேட்பது. ஒரு தடவை பார்ப்பது வேலை. நான்காவது தடவை பார்ப்பது பயத்துக்குத் தீனி. அப்புறம், கை நடுங்கும் அளவுக்கு இருக்கும்போது நோட்டை எடுக்காதீர்கள், அந்த நேரத்தில் நிதானமாக யோசிக்க வராது. முகம் கழுவி, வாசல் வரை நடந்துவிட்டு வந்து எழுதுங்கள்.

சரி, நோட்டில் பயம்தான் ஜெயிக்கிறது என்றால்? பாதி அழைப்புகள் உண்மையிலேயே நிறத்தைப் பற்றிய புகார் என்று தெரியவந்தால், கோளாறு உங்கள் எண்ணத்தில் இல்லை, ஆர்டர் எடுக்கும் முறையில் இருக்கிறது. கண்ணாடி மேல் கையால் வண்ணம் ஊற்றிச் செய்யும் பொருளில் ஒன்றுக்கொன்று நிறம் கொஞ்சம் மாறத்தான் செய்யும். அதை ஆர்டர் ஃபார்மிலேயே எழுதி, மாதிரி டைல்ஸ் அனுப்பி, கஸ்டமரிடம் சம்மதம் வாங்கிவிட்டு வேலையைத் தொடங்கலாமே என்று முதலாளியிடம் பேசுங்கள். ராத்திரி மெசேஜுக்கு யார் பதில் சொல்வது என்பதையும் அதே பேச்சில் முடிவு செய்யலாம். தினமும் திட்டு விழும் இடமாக இருந்தாலும் இதே கதைதான், நோட்டு எழுதி அதைச் சரிசெய்ய முடியாது.

மெசேஜ் வராத நாளிலும் பயம் இருக்கிறது என்று எழுதியிருப்பதைத்தான் நான் கொஞ்சம் கவனமாகப் பார்க்கிறேன். சில வாரங்கள் இப்படி எழுதியும் அது குறையாவிட்டால், அல்லது தூக்கம், சாப்பாடு கெட்டு, காலையில் வேலைக்குக் கிளம்பவே முடியாத நிலை வந்தால், தனியாக முயன்றுகொண்டிருக்க வேண்டாம். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டலாம். போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள், மருத்துவருக்குப் பாதி விவரம் அதிலேயே கிடைத்துவிடும். வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.